சிகரெட் கம்பெனியில் என் பணம் வேண்டாம்: ஃபண்டை மாற்றினால் எவ்வளவு குறையும்?

கேள்வி: அப்பா வாய்ப் புற்றுநோயில் இறந்து மூன்று வருடம் ஆகிறது. புகையிலை, சாராயம் இரண்டிலிருந்தும் வரும் காசு எனக்கு வேண்டாம். நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் (டைரக்ட்) மாதம் 15,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போகிறது, இதுவரை 9 லட்சம் சேர்ந்திருக்கிறது, அதில் 3 லட்சம் லாபம், எல்லாமே ஒரு வருடத்துக்கு முன்னால் வாங்கின யூனிட்டுகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் இருக்கும் ரிலேஷன்ஷிப் மேனேஜர் இதை விற்றுவிட்டு, சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் பார்த்துப் பங்கு எடுக்கும் ஒரு ஈ.எஸ்.ஜி. ஃபண்டுக்கு மாறச் சொல்கிறார். மாறினால் வருமானம் குறையுமா? எவ்வளவு? இன்னும் 15 வருடம் போடப் போகிறேன். — வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் உங்கள் பணத்தில் எவ்வளவு சிகரெட்டில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நிஃப்டி 50-ல் புகையிலை என்றால் ஐ.டி.சி. ஒன்றுதான், அதன் எடை சுமார் 3 சதவீதம். அதாவது உங்கள் 9 லட்சத்தில் ஏறக்குறைய 27,000 ரூபாய், மாதாமாதம் போகும் 15,000-ல் 450 ரூபாய். சாராயக் கம்பெனி எதுவும் இப்போதைக்கு நிஃப்டி 50-ல் இல்லை. நம்ம ஊர் விட்டல் மல்லையா ரோட்டில் இருக்கும் யுனைடெட் ஸ்பிரிட்ஸ் எல்லாம் அதற்கு அடுத்த வரிசையில்தான் வரும், அதனால் நிஃப்டி 100, நிஃப்டி 500 இண்டெக்ஸ் ஃபண்டு வைத்திருப்பவர்கள்தான் அதைத் தேட வேண்டும்.

இந்த 3 சதவீதத்தை வெளியே தள்ளினால் வருமானம் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் கேள்வி. இரண்டு காலகட்டங்களைப் பாருங்கள். 2016 இறுதியில் ஐ.டி.சி. 240 ரூபாயை ஒட்டி இருந்தது, 2020 இறுதியில் 210-ஐ ஒட்டி. அதே நான்கு வருடத்தில் நிஃப்டி எழுபது சதவீதம் ஏறியது. டிவிடெண்டைச் சேர்த்தாலும் ஐ.டி.சி. மிகவும் பின்தங்கியே இருந்தது, ஆக அதை ஒதுக்கினவருக்கு லாபம்தான். அப்புறம் 2022 வந்தது. நிஃப்டி அந்த வருடம் 4 சதவீதம்தான் ஏறியது, ஐ.டி.சி. மட்டும் ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஏறியது. 3 சதவீத எடை என்று கணக்குப் போட்டால், ஐ.டி.சி. இல்லாதவருக்கு அந்த ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம் குறைந்திருக்கும். ஒரே ஒரு பங்கை ஒதுக்குவதால் வரும் வித்தியாசம் இப்படித்தான் இருக்கும், சில வருடம் கூடும், சில வருடம் குறையும், எந்தப் பக்கம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 15 வருடத்துக்கு இதனால் இவ்வளவு நஷ்டம் என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் நீங்கள் மாறப் போகும் ஃபண்டு ஐ.டி.சி.யை மட்டும் எடுத்துவிட்டு மீதி 49 பங்குகளையும் அப்படியே வைத்திருக்காது. இங்கேதான் கவனம் வேண்டும். பல ஈ.எஸ்.ஜி. ஃபண்டுகள் நிலக்கரி, அனல் மின்சாரம், உலோகம் எல்லாவற்றையும் குறைத்துவிட்டு ஐ.டி.யிலும் தனியார் வங்கிகளிலும் கூடுதலாகச் சாயும். 2022-ல் நிஃப்டி ஐ.டி. குறியீடு கால்வாசி விழுந்தது, அந்த மாதிரி வருடத்தில் ஐ.டி. பக்கம் சாய்ந்த ஃபண்டு அடி வாங்கும், அதற்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஷரியா விதிப்படி நடக்கும் ஃபண்டுகளும் புகையிலை, சாராயம் இரண்டையும் ஒதுக்கும். ஆனால் வட்டி வாங்கும் வங்கிகளையும் சேர்த்தே ஒதுக்கும், நிஃப்டியில் மூன்றில் ஒரு பங்கு நிதித்துறைதான் என்பதால் அந்த ஃபண்டு நிஃப்டியை விட்டு வெகுதூரம் விலகி ஓடும். வங்கி மேல் உங்களுக்குக் கோபம் இல்லை என்றால் அது உங்களுக்கானது இல்லை. எதை ஒதுக்க நினைக்கிறீர்களோ அதை மட்டும் ஒதுக்குங்கள், ஒதுக்குவது கூடக் கூட ஆபத்தும் கூடும்.

அடுத்தது, ஈ.எஸ்.ஜி. என்று பெயரில் இருப்பதாலேயே சிகரெட் இருக்காது என்று நினைக்க வேண்டாம். எம்.எஸ்.சி.ஐ. என்ற மதிப்பீட்டு நிறுவனம் ஐ.டி.சி.க்குப் பல வருடங்களாக 'ஏஏ' என்ற உயர்ந்த தரம் கொடுத்து வந்திருக்கிறது. இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. அந்தத் தரம் ஒரு கம்பெனியை அதே துறையில் இருக்கும் மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட்டுத்தான் கொடுக்கப்படுகிறது, நீர், மின்சாரம், நிர்வாகம் எல்லாம் எப்படி என்று பார்க்கிறார்கள், விற்கும் பொருள் என்ன செய்கிறது என்பது அதில் ஒரு பகுதிதான். ஆகவே 'துறையில் சிறந்தவர்களை எடுப்போம்' என்றோ 'ஈ.எஸ்.ஜி.யையும் கணக்கில் சேர்ப்போம்' என்றோ சொல்லும் ஃபண்டில் புகையிலைக் கம்பெனி வரவே வராது என்று அந்தப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

2023 ஜூலையில் செபி இதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியது. ஈ.எஸ்.ஜி. ஃபண்டுகளை ஆறு வகையாகப் பிரித்து, வகையின் பெயரை ஃபண்டின் பெயரிலேயே போடச் சொன்னது. உங்களுக்கு வேண்டியது 'எக்ஸ்க்ளூஷனரி', அதாவது சில தொழில்களை ஒதுக்கிவைப்பது, என்று பெயரில் இருக்கும் வகை. எஸ்.பி.ஐ., ஐசிஐசிஐ புருடென்ஷியல் இரண்டுமே அப்படி ஒன்று வைத்திருக்கின்றன. 'இன்டக்ரேஷன்', 'பெஸ்ட் இன் கிளாஸ்' என்று இருந்தால் கூடுதலாகத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்க்ளூஷனரி என்றாலும் ஃபண்டின் திட்ட ஆவணத்தை (எஸ்.ஐ.டி.) திறந்து எதை ஒதுக்குகிறார்கள், எந்த அளவு வரை அனுமதிக்கிறார்கள் என்று படியுங்கள். பெரும்பாலும் மொத்த வருவாயில் இத்தனை சதவீதத்துக்கு மேல் புகையிலையிலிருந்து வந்தால் வேண்டாம் என்று ஒரு வரம்பு இருக்கும், அந்த வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் உள்ளே வந்துவிடலாம். பாரில் சாராயம் விற்கும் ஓட்டல் கம்பெனி, சாராயத்துக்கான ஸ்பிரிட் காய்ச்சும் சர்க்கரை ஆலை, இவையெல்லாம் அந்த வரம்பில்தான் நிற்கும். அப்புறம் ஃபண்டு நிறுவனத்தின் தளத்தில் மாதாமாதம் போடும் போர்ட்ஃபோலியோ பட்டியலை இறக்கி ஐ.டி.சி., காட்ஃப்ரே ஃபிலிப்ஸ், வி.எஸ்.டி., யுனைடெட் ஸ்பிரிட்ஸ், யுனைடெட் புரூவரீஸ், ராடிகோ கேத்தான் என்று தேடிப் பாருங்கள். பத்து நிமிட வேலை, வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

இப்போது கட்டணம். எதை ஒதுக்கினால் எவ்வளவு குறையும் என்பது நிச்சயமில்லை, கட்டணம் மட்டும் நிச்சயமாகக் குறைக்கும். உங்கள் கணக்கையே போடுகிறேன். பங்குகள் வருடத்துக்கு 12 சதவீதம் தருகின்றன என்று மூன்று ஃபண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்வோம் (இது உத்தரவாதம் இல்லை, ஒப்பிட மட்டும்). மாதம் 15,000, 15 வருடம், நீங்கள் போடுவது மொத்தம் 27 லட்சம். இப்போது இருக்கும் இண்டெக்ஸ் ஃபண்டு மாதிரி 0.2 சதவீதக் கட்டணம் என்றால் கடைசியில் கையில் சுமார் 70 லட்சம். எக்ஸ்க்ளூஷனரி ஃபண்டின் டைரக்ட் திட்டம் 1.2 சதவீதம் என்றால் 64 லட்சத்து 50 ஆயிரத்தை ஒட்டி. அதே ஃபண்டை வங்கி வழியாக ரெகுலர் திட்டத்தில் 2.2 சதவீதத்துக்கு வாங்கினால் 59 லட்சம் சொச்சம். வங்கி வழியாகப் போனால் 11 லட்சம் போகிறது, அதில் பாதிக்குத்தான் ஃபண்டை நடத்துகிறவர் காரணம், மீதி ஐந்து லட்சத்துக்கு மேல் விநியோகக் கமிஷன். உங்கள் மேனேஜர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் டைரக்ட் இண்டெக்ஸ் ஃபண்டிலிருந்து ரெகுலர் ஃபண்டுக்கு மாறச் சொல்லும்போது வங்கிக்கு வருடா வருடம் வருமானம் வருகிறது என்பதை மனதில் வையுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நிஃப்டி 100 ஈ.எஸ்.ஜி. என்ற குறியீட்டின் விதியிலேயே புகையிலை, மது, சூதாட்டம் மூன்றும் விலக்கப்பட்டிருக்கின்றன. இந்த வகைக் குறியீட்டைப் பின்தொடரும் ஃபண்டோ, பங்கு மாதிரியே சந்தையில் கைமாறும் ஈ.டி.எஃபோ கிடைத்தால் கட்டணம் குறைவு. ஈ.டி.எஃப். என்றால் டிமேட் வேண்டும், தினமும் கைமாறும் எண்ணிக்கை குறைவாக இருந்தால் உண்மை மதிப்பை விட (ஐ-நாவ் என்று தளத்தில் காட்டுவார்கள்) அதிக விலைக்கு மாட்டிக்கொள்வீர்கள். இன்னொரு ஃபண்டில் பணம் போடும் ஃபண்ட் ஆஃப் ஃபண்ட் வழியாகப் போனால் இரண்டு அடுக்குக் கட்டணம், இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

உங்களுக்கு என் யோசனை இது. மாறுங்கள், ஏனென்றால் உங்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை. ஆனால் வங்கி சொல்லும் வழியில் வேண்டாம். புது எஸ்.ஐ.பி.யை எக்ஸ்க்ளூஷனரி ஃபண்டின் டைரக்ட் திட்டத்திலோ, ஈ.எஸ்.ஜி. குறியீட்டு ஃபண்டிலோ அடுத்த மாதமே தொடங்கிவிடுங்கள், மொத்தக் கட்டணம் 1 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. வருடத்துக்கு ஒரு சதவீதம் கூடக் கொடுக்க மனமில்லை என்றால் இண்டெக்ஸ் ஃபண்டிலேயே இருந்து, ஐ.டி.சி. பங்கின் மேல் வரும் லாபத்தைக் கணக்கிட்டு ஓசூர் ரோட்டில் இருக்கும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொடுப்பதும் சரியான வழிதான். 27,000 ரூபாய் மேல் 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 3,240 ரூபாய். 9 லட்சத்தில் ஒரு சதவீதக் கட்டணம் 9,000.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: சந்தையில் கைமாறும் பங்கை நீங்கள் வாங்காமல் விடுவதால் அந்தக் கம்பெனியின் சிகரெட் விற்பனை குறையாது, உங்கள் காசு அதில் இல்லை என்பது மட்டும்தான் கிடைக்கும். அதோடு உங்களுக்கு பி.எஃப். பிடித்தம் இருந்தால் இ.பி.எஃப்.ஓ. தன் பணத்தில் ஒரு பகுதியை நிஃப்டி, சென்செக்ஸ் ஈ.டி.எஃப்.களில் போடுகிறது, எல்.ஐ.சி.யும் ஐ.டி.சி.யில் பெரிய பங்குதாரர், அதையெல்லாம் உங்களால் மாற்ற முடியாது.

பழைய 9 லட்சத்தை ஒரே நாளில் விற்காதீர்கள். 3 லட்ச லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரி இல்லை, மீதி 1.75 லட்சத்துக்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 22,750 ரூபாய் கட்ட வேண்டும். லாபத்தில் பாதி வரும் அளவு யூனிட்டுகளை மார்ச் மாதத்தில் விற்று, மீதியை ஏப்ரலில் விற்றால் இரண்டு வருடத்துக்கும் தலா 1.25 லட்ச விலக்கு கிடைக்கும், மொத்த வரி 6,500 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஆனால் கடைசி ஒரு வருடத்தில் போன தவணைகள் இருந்தால் அவற்றைத் தொடாமல் விடுங்கள், ஒரு வருடம் ஆகாத யூனிட்டின் லாபத்துக்கு 20 சதவீதம் வரி.