மாலையானால் கண் எரிச்சல்: மானிட்டரை எப்படி வைப்பது?

"27 அங்குல மானிட்டரை ஸ்டாண்டில் உயர்த்தி வைத்திருக்கிறேன். பிரைட்னஸ் 100. நான்கு மணிக்கெல்லாம் கண் எரிகிறது, காய்ந்துபோகிறது."

முதலில் ஸ்டாண்டை இறக்குங்கள். அண்ணாந்து பார்க்கும்போது இமை அகலமாகத் திறந்திருக்கும். கண்ணீர்ப் படலம் சீக்கிரம் ஆவியாகிவிடும். திரையை உற்றுப் பார்க்கையில் கண் சிமிட்டுவதும் குறையும். இரண்டும் சேர்ந்தால் எரிச்சல்தான். நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பாருங்கள்: திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ, இரண்டு மூன்று விரல்கடை கீழேயோ இருக்கட்டும். திரையின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் சாயுங்கள். புரோகிரெசிவ் கண்ணாடி போடுபவரானால் இன்னும் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்க முகவாயைத் தூக்குவீர்கள், கழுத்து வலிக்கும்.

தூரத்துக்கு, கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடுகிற அளவில் தொடங்குங்கள். 27 அங்குலத்துக்கு 70 செ.மீ. பக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. எழுத்து சிறிதாகத் தெரிந்தால் முகத்தை முன்னால் கொண்டுபோகாதீர்கள். செட்டிங்ஸில் ஸ்கேலிங்கை 125% ஆக்குங்கள்.

அப்புறம் பிரைட்னஸ். வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரி ஒளிர்ந்தால் குறையுங்கள். மங்கிச் சாம்பலாகத் தெரிந்தால் கூட்டுங்கள். பகலில் வைத்த அளவு இரவுக்குப் பொருந்தாது, அறை வெளிச்சம் மாறினால் மறுபடி பாருங்கள்.

இரண்டு வாரம் இப்படி வைத்தும் எரிச்சல் தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணாடிப் பவர் மாறியிருக்கலாம், உலர்கண் பிரச்சினையாகவும் இருக்கலாம்.