பேட்டி ஷாட்டில் கண்ணிலிருந்து தொடங்குங்கள், ஹெட்ரூம் தானாக வரும்

கேள்வி: ஊர்ல வயசான நெசவாளர்களைப் பேட்டி எடுத்துட்டு இருக்கேன். கிரிட் போட்டு, ஆளைக் கோட்டுல வச்சுத்தான் எடுக்கறேன். ஆனாலும் ஃபிரேம் ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கு. சில ஷாட்ல தலை கீழே இறங்கிப் போன மாதிரியும் இருக்கு. தலைக்கு மேல எவ்வளவு இடம் விடணும்? அவரை எங்கே பார்க்கச் சொல்லணும்?

பதில்:

கேமராவைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பவர் எங்கே உட்காரப் போகிறார் என்று முடிவு செய்துவிடுங்கள். நான் எப்போதும் போகும் வரிசை இது: முதலில் கேட்பவரின் இடம், அடுத்து லென்ஸின் உயரம், அதன் பிறகு கண்களை மேல் கோட்டில் நிறுத்துவது. தலைக்கு மேல் விடுகிற இடத்தை, அதாவது ஹெட்ரூமை, கடைசியில் சரிபார்த்தால் போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தலைக்கு மேல் இடத்தை அளந்து ஃபிரேமைப் பூட்டிவிட்டு, அப்புறம் கேமராவுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்து கேள்வியைத் தொடங்குகிறார்கள். உங்கள் ஃபிரேம் சாய்ந்து தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

ஃபிரேமை அகலத்திலும் உயரத்திலும் மும்மூன்றாகப் பிரிக்கிற உங்கள் கிரிட்டுக்குப் பின்னால் இருப்பது மூன்றில் ஒரு பங்கு விதி. அதை 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் எழுதி வைத்தார். அவர் பேசியது வானமும் நிலமும் மரங்களும் இருக்கிற இயற்கைக் காட்சிகளைப் பற்றி. மரம் எந்தப் பக்கமும் பார்ப்பதில்லை, மனிதன் பார்க்கிறான். அந்தப் பார்வைக்கு ஒரு கனம் உண்டு. ஒருவர் வலது பக்கம் பார்த்துப் பேசினால் நம் கண்ணும் அங்கே போகிறது, அதனால் அந்தப் பக்கம் காலியாக இருந்தாலும் காலியாகத் தோன்றுவதில்லை. அவரை இடது கோட்டில் உட்கார வைத்துவிட்டு இடது பக்கமே பார்க்க விட்டால், மூக்குக்கு முன்னால் சுவர் வந்துவிடும், முதுகுக்குப் பின்னால் பெரிய வெற்றிடம் நிற்கும். கிரிட்டின்படி ஆள் சரியாகக் கோட்டில்தான் இருப்பார், ஆனால் ஷாட் சாய்ந்துவிடும். ஆகவே அவர் ஃபிரேமில் இடது பக்கம் இருந்தால் கேட்பவர் கேமராவுக்கு வலது பக்கம் உட்கார வேண்டும். வலது பக்கம் இருந்தால் கேட்பவர் இடது பக்கம்.

எவ்வளவு தள்ளி உட்காருவது? லென்ஸுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. உங்கள் தோள் ட்ரைபாடின் காலைத் தொடுகிற மாதிரி இருந்தால் நல்லது. மானிட்டரில் அவருடைய இரண்டு கண்களும் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தூரத்துக் கண் மூக்குக்குப் பின்னால் மறையத் தொடங்கினால் நீங்கள் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். அப்படி எடுத்த பேட்டியில் பார்வையாளருக்கு அவரோடு பேசுகிற உணர்வு வராது, யாரோ இருவர் பேசுவதை ஒட்டுக் கேட்பது போலத்தான் இருக்கும்.

உயரமும் இதே அளவுக்கு முக்கியம். லென்ஸின் நடுப்பகுதி, உங்கள் கண், அவர் கண் மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கட்டும். நீங்கள் நின்றுகொண்டு கேட்டால் அவர் அண்ணாந்து பார்ப்பார், கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும். எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் அந்த ஷாட்டில் மனு கொடுக்க வந்தவர் போலத் தெரிவார். எனக்கு இதைப் பார்த்தாலே மனசு கேட்காது. நீங்கள் அவரைவிடத் தாழ உட்கார்ந்தால் இமை பாதி இறங்கி அவர் தூங்கி வழிவது போல இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவருக்குக் கண் சுமார் 115 முதல் 120 செ.மீ. உயரத்தில் வரும். குழித்தறியில் கதை வேறு. நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழியில் விட்டிருப்பார், கண் தரையிலிருந்து 70, 75 செ.மீ.யில்தான் இருக்கும். ட்ரைபாடின் கால்களை முழுசாக அகட்டித் தாழ்த்துங்கள், நீங்களும் தரையில் உட்காருங்கள். ட்ரைபாட் அவ்வளவு கீழே போகவில்லை என்றால் ஒரு மரப்பெட்டியின் மேல் கேமராவை வைத்துவிடலாம்.

இப்போது ஹெட்ரூமுக்கு வருவோம். நம் கண் தலையின் உயரத்தில் பாதியில் இருக்கிறது. உச்சியிலிருந்து கண் வரை எவ்வளவோ, கண்ணிலிருந்து தாடை வரையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டால் மீதி வெறும் கணக்கு. 1920×1080 ஃபிரேமில் மேல் கோடு மேலிருந்து 360ஆவது பிக்சலில் வரும். நெஞ்சு வரை தெரிகிற ஷாட்டில் தலை 360 பிக்சல் உயரம் இருக்கிறது என்று வையுங்கள். கண்ணைக் கோட்டில் வைத்தால் உச்சி அதற்கு 180 மேலே வரும், ஆக ஹெட்ரூம் 180. இன்னும் நெருங்கித் தலை 540 ஆனால் உச்சி கண்ணுக்கு 270 மேலே, ஹெட்ரூம் 90. அளந்து விடவே வேண்டாம், ஷாட் நெருங்க நெருங்க ஹெட்ரூம் தானாகக் குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் ஷாட்டுகளில் தலை இறங்கித் தெரிவதற்குக் காரணம், நீங்கள் முகத்தின் நடுவை, அதாவது மூக்கை, ஃபிரேமின் நடுவில் வைத்திருப்பதாக இருக்கலாம். நிறைய கேமராக்களில் ஃபோகஸ் கட்டம் நடுவில் நிற்பதால் கை தானாக அங்கே போகிறது.

இந்தக் கணக்குக்கு இரண்டு எல்லைகள் உண்டு. தலை 720 பிக்சலை எட்டும்போது ஹெட்ரூம் பூஜ்யமாகி, உச்சி ஃபிரேமின் விளிம்பைச் சரியாகத் தொடும். ஷாட்டிலேயே மோசமான இடம் அதுதான். கூரை தலையில் இடிப்பது போலத் தோன்றும். ஒன்று கொஞ்சம் பின்னால் வாருங்கள், இல்லையென்றால் இன்னும் நெருங்கி முடியைத் தைரியமாக வெட்டிவிடுங்கள். நெற்றிக்கு மேல் வெட்டினால் யாருக்கும் உறுத்தாது. தாடையை மட்டும் வெட்டக் கூடாது, பேசும்போது அது அசைகிறது, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஃபிரேமுக்கு வெளியே போய் வரும். முண்டாசு கட்டியிருந்தால் அதை முழுசாகக் காட்டுங்கள், அல்லது நன்றாக உள்ளே வந்து வெட்டுங்கள், ஓரத்தில் தொங்க விடாதீர்கள். அடுத்த எல்லை அகலமான ஷாட். இடுப்பு வரை தெரியும்போது தலை 270 பிக்சல்தான் இருக்கும், கோட்டில் கண்ணை வைத்தால் மேலே 225 காலி. அது அதிகம். அங்கே கண்ணைக் கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். தறியோடு ஆளும் முழுசாகத் தெரிகிற ஷாட்டில் இந்தக் கோட்டையே மறந்துவிடலாம்.

பக்கவாட்டில் நான் கோட்டை அவ்வளவு நம்புவதில்லை. இடது கோடு 640இல், ஃபிரேமின் நடு 960இல். அவர் லென்ஸுக்கு மிக அருகில் பார்த்துப் பேசினால் மூக்கு 640க்கும் 960க்கும் நடுவில் எங்காவது இருந்தாலே ஷாட் சாயாமல் நிற்கும். பார்வை பக்கவாட்டில் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு அவரைக் கோட்டை நோக்கித் தள்ள வேண்டும். பார்வை நேராக இருந்தும் கோட்டில் கொண்டுபோய் வைத்தால் எதிர்ப் பக்கம் வீணாகக் காலியாக நிற்கும்.

உங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நெசவாளரைத் தறியிலேயே உட்கார வைத்து, பாவு நூல் நீள்கிற பக்கம் உங்கள் இடத்தை அமைத்துக்கொண்டால், காலிப் பக்கத்தை நூலே நிரப்பிவிடும். அவர் இடது பக்கம், கேட்பவர் கேமராவுக்கு வலது பக்கம், பாவு இடமிருந்து வலமாக ஓடும். வலது பக்கத்துக்குத் தனியாக எதையும் தேடி வைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் பாருங்கள். தறிக் கம்பம் அவர் தலைக்குப் பின்னால் நேராக நின்றால் மண்டையிலிருந்து முளைத்த மாதிரி இருக்கும். கேமராவை அரை அடி நகர்த்தினால் கம்பம் விலகிவிடும். நகர்த்திய பிறகு உங்கள் இடத்தையும் அதோடு சேர்த்து நகர்த்துங்கள், இல்லையென்றால் பார்வை மறுபடியும் மாறிவிடும்.

ஃபிரேமை எப்போது பூட்டுவது என்பதும் ஒரு விஷயம். கேமரா ஓடுகிறது என்று தெரிந்ததும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பேச்சு சூடுபிடித்ததும் முதுகு தளர்ந்து இறங்கும். ஒரு மனிதத் தலை சுமார் 23 செ.மீ. உயரம். அது 540 பிக்சலை நிரப்புகிற ஷாட்டில் அவர் 5 செ.மீ. இறங்கினால் ஃபிரேமில் ஏறக்குறைய 115 பிக்சல் இறங்கிவிடுகிறார். 90ஆக இருந்த ஹெட்ரூம் 200ஐத் தாண்டிவிடும். அதனால் முதலில் தறிக்கு எப்போது வந்தார், யாரிடம் கற்றார் என்று சும்மா பேச விடுங்கள், உடம்பு இயல்பாக அமர்ந்த பிறகு ஃபிரேமைச் சரிசெய்யுங்கள். நடுவில் நீங்கள் கேள்வி கேட்கிற நேரத்தில் ட்ரைபாட் தலையை மெல்லக் கீழே சாய்த்துக் கண்ணைக் கோட்டுக்குக் கொண்டுவரலாம். அவர் பேசும்போது மட்டும் கை வைக்காதீர்கள்.

வீட்டில் எடுக்கும்போது மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள். வருஷமோ பெயரோ மறந்துபோனால் தாத்தா கேமராவைத் தாண்டி மகனைப் பார்ப்பார், "எந்த வருஷம்டா அது?" என்று கேட்பார். ஃபிரேமும் பார்வையும் அந்த நொடியில் உடையும். அவர்களை வெளியே போகச் சொல்லாதீர்கள், அவருக்கே சங்கடமாகிவிடும். உங்கள் முதுகுக்குப் பின்னால், உங்கள் தலை உயரத்திலேயே உட்கார வையுங்கள். அப்போது மகனைப் பார்த்தாலும் கண் அதே திசையில்தான் இருக்கும்.

எடிட்டில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். 4கேயில் எடுத்து 1080 டைம்லைனில் போட்டு, ஒரே ஷாட்டை நெருக்கமாகவும் பயன்படுத்துவீர்கள் என்றால், 150 சதவீத அளவுக்குப் பெரிதாக்கும்போது மென்பொருள் ஃபிரேமின் நடுவிலிருந்து விரிக்கும். 360இல் இருந்த கண் 270க்கு ஏறிவிடும். படத்தை 90 பிக்சல் கீழே இறக்குங்கள். இரண்டு அளவிலும் கண் ஒரே உயரத்தில் இருந்தால் வெட்டு உறுத்தாது.

அப்புறம், பல நெசவாளர்களின் பேச்சை மாற்றி மாற்றிக் கோக்கப் போகிறீர்கள் என்றால் எல்லோரையும் இடது பக்கமே வைத்து எடுக்காதீர்கள். ஒருவர் இடமிருந்து வலம் பார்க்கட்டும், அடுத்தவர் வலமிருந்து இடம். அடுத்தடுத்து ஒட்டும்போது ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்வது போல அமையும். யார் எந்தப் பக்கம் பார்த்தார் என்பதையும், லென்ஸ் எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் படப்பிடிப்பு முடிந்ததும் நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். அதே மனிதரிடம் விட்டுப்போன கேள்விக்காக மறுபடியும் போகும்போது தேவைப்படும்.