பீரியட்ஸ் எப்ப நிக்கும்: சிகரெட்டா, அம்மாவழியா, உடம்பா?

உப்புவெளி, 41 வயசு: மிஸ், எனக்கு 7 மாசமா பீரியட்ஸ் வரேல்ல. வெளிநாட்டில ஹோட்டல் வேலை செய்யேக்க சிகரெட் பழகினது, இப்பவும் நாளைக்கு 8, 10 போகுது. அதாலதான் நிண்டிட்டா?

முதல்ல ஃபார்மசில ஒரு யூரின் டெஸ்ட் வாங்கிப் பாருங்க தங்கச்சி. சிரிக்காதீங்க, நான் கைனி வார்ட்டில வேலை செய்த காலத்தில "எனக்கு நிண்டிட்டு மிஸ்" எண்டு வந்து பிள்ளைத்தாச்சி கார்டோட போனவையும் இருக்கினம். அடுத்தது, மூண்டு மாசத்துக்கொருக்கா டெப்போ ஊசி போடுறீங்களா? அது போட்டாலே கனபேருக்கு வராது, விட்ட பிறகும் சிலருக்கு ஒரு வருசம் வரைக்கும் இழுத்தடிக்கும்.

இது ரெண்டும் இல்லையெண்டாத்தான் சூலகம். சிகரெட் புகையில இருக்கிற சாமான்கள் சூலகத்தில இருக்கிற முட்டையள நேராவே அழிக்கும், அந்த முட்டையள் பிறக்கேக்கயே கொண்டு வந்த இருப்பு, புதுசா வராது. ஆனா குடிக்கிறவைக்கு சராசரியா ஒரு வருசம், கூடிப்போனா ரெண்டு வருசம்தான் முந்தும். எங்கட பக்கம் 48, 50 எண்டுதான் பொதுவா நிக்கிறது, அதில ரெண்டைக் கழிச்சாலும் 41 வராதே. அம்மாக்கு எத்தினை வயசில நிண்டது எண்டு கேட்டுச் சொல்லுங்க.

உப்புவெளி: கேட்டன் மிஸ், வயசு ஞாபகமில்லையாம். சுனாமிக்குப் பள்ளிக்கூடத்தில தங்கியிருக்கேக்க மற்றப் பொம்பிளையள் துணிக்கு அல்லாடினவையாம், தனக்கு அந்தத் தொல்லை அதுக்கு முதலே நிண்டிட்டாம். அம்மா 1961ல பிறந்தவ.

அப்ப 2004 டிசம்பரில அவவுக்கு 43, அதுக்கும் முதலே நிண்டிருக்கு. கர்ப்பப்பை, சூலகம் எதுவும் ஒபரேசன் செய்து எடுத்ததா எண்டும் கேளுங்க, எடுத்திருந்தா இந்தக் கணக்குக்கு அம்மாட வயசு உதவாது. தானா நிண்டதெண்டா உங்கட விசயத்தில பெரிய பங்கு அம்மாவழி, சிகரெட் அதுக்கு மேல ஒரு தள்ளு. எந்த வயசில நிக்கிறது எண்டதில கிட்டத்தட்ட பாதி பரம்பரைதான் எண்டு இரட்டைப் பிள்ளையள வச்சுச் செய்த ஆய்வுகளில கண்டிருக்கினம். உங்களுக்குத் தங்கச்சிமார் இருந்தா அவைக்கும் சொல்லி வையுங்க, பிள்ளை பெறுறதைத் தள்ளிப் போடுறவை எண்டா முக்கியமா.

45க்கு முதல் நிண்டா வயசுக்கோளாறு எண்டு விடக்கூடாது, டொக்டர்ட்டப் போய் எஃப்.எஸ்.எச் எண்ட பிளட் டெஸ்ட் கேளுங்க. ஒருக்கா செய்து முடிவு எடுக்கிறேல்ல, இந்த வயசில அது ஏறி இறங்கும், நாலு ஆறு கிழமை விட்டுத் திரும்பவும் செய்து ரெண்டு தரமும் 30க்கு மேல நிண்டா சூலகம் ஓய்ஞ்சு வருது எண்டு அர்த்தம். தைரொயிட்டும் புரோலக்டினும் சேர்த்துப் பாப்பினம், அதுகள் குழம்பினாலும் பீரியட்ஸ் நிக்கும், மருந்தோட திரும்பி வரும். குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை போட்டுக்கொண்டு இந்த டெஸ்ட் செய்யாதீங்க, ரிசல்ட் பிழையா வரும்.

உப்புவெளி: நிண்டா நிம்மதி தானே மிஸ், துணியுமில்ல வயித்துக்குத்துமில்ல. அதுக்கேன் மருந்து?

நிம்மதிதான், ஆனா ஈஸ்ட்ரோஜன் இல்லாத வருசங்கள் மற்றவைய விட உங்களுக்கு எட்டு ஒன்பது கூட. எலும்பு ஆகக் கெதியாத் தேயிறது நிண்ட முதல் சில வருசத்தில, இருதயத்துக்கும் ஈஸ்ட்ரோஜன் ஒரு காவல். அதாலதான் 45க்கு முதல் நிண்டவைக்கு, மார்புக் கான்சர் மாதிரித் தடை ஒண்டும் இல்லையெண்டா, 50, 51 வரைக்கும் ஹோர்மோன் குடுக்கிறது. கர்ப்பப்பை இருக்கிறவைக்கு ஈஸ்ட்ரோஜன் தனிய குடுக்கப்படாது, புரோஜெஸ்ரரோனும் சேர வேணும், இல்லாட்டி உள் தோல் தடிச்சுப் போகும். நீங்க சிகரெட் குடிக்கிறதை மறைக்காம டொக்டர்ட்டச் சொல்லுங்க, ஏனெண்டா குளிசையில ரத்தம் கட்டுற ரிஸ்க் இருக்கு, தோலில ஒட்டுற பட்ச் இல்லாட்டிப் பூசுற ஜெல் அந்த ரிஸ்க்கக் குறைக்கும். இன்னொண்டு, 50க்கு முதல் நிண்டா கடைசி பீரியட்ஸ்ல இருந்து ரெண்டு வருசத்துக்குக் குடும்பக்கட்டுப்பாடு தேவை, இடையில ஒரு முட்டை வெளிக்கிட்டாலும் வெளிக்கிடும்.

உவர்மலை: நான் வாசிச்சனான், குண்டா இருக்கிறவைக்குக் கொழுப்பில இருந்தே ஈஸ்ட்ரோஜன் வரும், அதால லேட்டாத்தான் நிக்கும், எலும்பும் ஸ்ட்ரோங். அப்ப கொஞ்சம் சதை இருக்கிறது நல்லம் தானே?

முன்பாதி சரி தம்பி. நல்லா மெலிஞ்சவைக்குக் கொஞ்சம் முந்துறதும், குண்டானவைக்குக் கொஞ்சம் பிந்துறதும் ஆய்வுகளில வருது, ஆனா வித்தியாசம் சின்னன், அம்மாவழிக்குக் கிட்டவும் வராது. அந்தக் கொழுப்பு ஈஸ்ட்ரோஜன்தான் கர்ப்பப்பை உள் தோலைத் தடிக்கப் பண்ணிக் கான்சருக்கும் வழி விடுறது. லேட்டா நிக்கிறதே அப்பிடித்தான், எலும்புக்கும் இருதயத்துக்கும் நல்லம், மார்புக் கான்சருக்கும் கர்ப்பப்பைக் கான்சருக்கும் ரிஸ்க் கொஞ்சம் கூட. சீனி வருத்தத்தையும் பிறஷரையும் வாங்கி வச்சுக்கொண்டு எலும்பைக் காப்பாத்தி என்ன செய்யிறது.

கிண்ணியா: என்ட கர்ப்பப்பைய 38ல கட்டிக்காக எடுத்தாங்க, சூலகம் ரெண்டையும் விட்டுட்டாங்களாம். இப்ப 44. எனக்கு நிண்டது 38லயா மிஸ்?

இல்ல. ரத்தம் வாறதுக்குப் பையில்ல, அவ்வளவுதான், சூலகம் வேலை செய்துகொண்டு இருந்திருக்கும். ஆனா பை எடுத்தவைக்குச் சூலகமும் ஒரு ரெண்டு வருசம் முந்தி ஓயலாம், உங்களுக்கோ நாள் எண்ண பீரியட்ஸும் இல்ல. இரவில திடீரெண்டு உடம்பு கொதிச்சு வேர்க்குதா, நித்திரை குழம்புதா எண்டுதான் கவனிக்க வேணும். இருந்தா உங்களுக்கும் எஃப்.எஸ்.எச் பாக்கலாம். அடுத்த வருசம் 45 தானே, எம்.ஓ.எச் கந்தோர் வெல் வுமன் கிளினிக்குக்கு எப்பிடியும் போங்க, பிறஷரும் சீனியும் மார்பும் அங்க பாப்பினம்.

தம்பலகாமம்: மிஸ், நான் வீட்டுக்குள்ளதான் சிகரெட் குடிக்கிறனான். மனிசிக்கு 47ல நிண்டிட்டு. என்னாலயோ?

47 சாதாரண வயசுதான். பக்கத்தில இருந்து புகை குடிக்கிறவைக்கும் கொஞ்சம் முந்துது எண்டு சில ஆய்வு சொல்லுது, சிலதில அப்பிடிக் காணேல்ல, ஒரு ஆளை வச்சு இது உங்களாலதான் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. அதுக்காக உள்ள இருந்து குடிக்கலாம் எண்டு எடுக்காதீங்க, வெளியால போங்க.

உவர்மலை: வெத்திலையோட புகையிலை போடுறவைக்கும் முந்துமா? எங்கட அம்மம்மா ஒரு நாளும் விட்டதில்ல, 52 வரைக்கும் வந்ததாம்.

முட்டையை அழிக்கிறது எண்டு சொல்லுற சாமான்களில கனக்க எரியிறதால வாறது, வாயில போடுறதுக்கு அப்பிடி உறுதியான கணக்கு இல்ல. அம்மம்மா ஒராளை வச்சும் சொல்லேலாது. ஆனா வெத்திலை புகையிலையால வாய்க் கான்சர் வரும் எண்டது உறுதி, அது வேற கதை.

மூதூர்: எங்கட அம்மாக்கு 61, எட்டு வருசத்துக்கு முதல் நிண்டது. போன கிழமை திரும்ப வந்திருக்கு. லேட்டா நிக்கிற உடம்போ?

மகள், இது பீரியட்ஸ் இல்ல. ஒரு வருசம் முழுசா நிண்டவைக்குத் திரும்ப ஒரு துளி பட்டாலும் காட்டத்தான் வேணும். கனபேருக்குத் தோல் காய்ஞ்சதால வாறது, இல்லாட்டி உள்ளுக்க சின்னத் தசை வளர்ச்சி, பயமில்ல. ஆனா கர்ப்பப்பைக் கான்சர் தன்னைக் காட்டுறதும் இப்பிடித்தான், நேரத்தோட பிடிச்சா அநேகமா ஒபரேசனோட சுகம். ஸ்கான்ல உள் தோல் தடிப்பைப் பாப்பினம், 4, 5 மில்லிமீட்டருக்கு மேல எண்டா ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவினம். ரத்தம் நிண்டிட்டு எண்டு அம்மா மறுப்பா, நிண்டாலும் இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, மருந்துத் துண்டுகள் எல்லாத்தையும் கொண்டு வாங்க.