முதல் வாரத்துக்கு மூன்று டிக்கெட்

கேள்வி: "அடுத்த வாரம் எங்கள் டீமில் இரண்டு ஃப்ரெஷர்கள் சேருகிறார்கள். போன தடவை சேர்ந்தவர்களுக்கு ஒரு வாரம் டாக்குமென்ட் படிக்கக் கொடுத்தோம். கோடும் பிடிபடவில்லை, ஜிராவும் பிடிபடவில்லை. இந்தத் தடவை எந்த வேலையில் தொடங்கலாம்?"
– டீம் லீட், பெல்லந்தூர், பெங்களூரு

பதில்: ஆளுக்கு மூன்று டிக்கெட் போதும். மூன்றும் கோடின் ஒரே பகுதியைச் சுற்றியே இருக்கட்டும்.

முதல் டிக்கெட்டில் கோடைத் தொடவே வேண்டாம். "இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பில்லிங் கோடில் வரித்தொகையை முழு ரூபாயாக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பைத்தானில் `round()` இருக்கும்போது, யாரோ மெனக்கெட்டு `ROUND_HALF_UP` போட்டிருக்கிறார்கள். அது எப்போது உள்ளே வந்தது என்று தேட:

```
git log -S'ROUND_HALF_UP' --oneline -- billing/tax.py
```

பட்டியலில் கடைசியாக இருக்கும் கமிட்தான் அந்த வரியைக் கொண்டுவந்தது. அதன் மெசேஜில் BILL-412 என்று இருந்தால் ஜிராவில் அதைத் திறந்து படிக்க வேண்டும். ₹2.50 என்ற வரித்தொகை ₹2 ஆகிவிட்டது என்ற புகார் அங்கே இருக்கும். பைத்தான் 3-இன் `round(2.5)` பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போய் 2 தரும். ஆனால் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு, 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாயாக்கச் சொல்கிறது. இந்தக் காரணத்தைத் தன் டிக்கெட்டில் நான்கு வரியில் எழுதி, பழைய டிக்கெட்டையும் லிங்க் பண்ணினால் வேலை முடிந்தது.

`git blame` இதற்கு அவ்வளவாக உதவாது. வரியைக் கடைசியாகத் தொட்டவரைத்தான் அது காட்டும். நடுவில் யாராவது ஃபார்மேட்டர் ஓட்டியிருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும். கமிட் மெசேஜில் டிக்கெட் எண் இல்லாவிட்டாலும் வழி அடைபடும். அதனால் கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை கடைசிவரை போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, திறந்திருக்கும் ஒரு நிஜ பக். சரிசெய்ய வேண்டாம், அதை மறுபடி வரவழைத்துக் காட்டினால் போதும். எந்த பில்ட், என்ன டேட்டா கொடுத்தார், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று டிக்கெட்டில் எழுதட்டும்.

மூன்றாவதில் இருவரையும் மாற்றிவிடுங்கள். ஒருவர் டிக்கெட்டில் எழுதிக்காட்டிய பக்கை மற்றவர் சரிசெய்ய வேண்டும், அதுவும் டிக்கெட்டில் உள்ளதை மட்டும் வைத்து. எழுதியதில் ஒரு படி விட்டுப்போயிருந்தால் உடனே தெரிந்துவிடும். அதை வாயால் கேட்காமல் கமென்ட்டில் கேட்கட்டும். பிராஞ்ச் பெயரும் கமிட் மெசேஜும் டிக்கெட் எண்ணில் தொடங்க வேண்டும், ஸ்டேட்டஸை அவரே நகர்த்த வேண்டும். ஒரு ஃபைல், ஒரு டெஸ்ட் அளவுக்கான பக் போதும்; திருத்தத்தை எடுத்தால் அந்த டெஸ்ட் ஃபெயில் ஆக வேண்டும். பட்டனில் எழுத்துப்பிழை திருத்தும் வேலையைக் கொடுக்காதீர்கள், அதில் ஸ்டேட்டஸ் நகரும், கோடு புரியாது.

ரிவ்யூ செய்வது யார் என்பதை முன்பே டிக்கெட்டில் எழுதிவிடுங்கள். அவர் அன்றன்றைக்கே பதில் சொல்ல முடிந்தவராக இருக்க வேண்டும்.