‘ரிப்போர்ட் கிப்போர்ட்’ சரி, ‘புருஷன் கிருஷன்’ சரியில்லை

கேள்வி: ‘காப்பி கீப்பி’ என்று பேசுகிறார்களே, அதற்கு விதி உண்டா? எங்கே சொன்னால் தப்பாகும்?

நீங்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். இங்கே வளர்ந்தவர்களுக்கு இது யோசிக்காமலே வாயில் வந்துவிடும்.

விதி எளிது. முதல் எழுத்து குறில் என்றால் அந்த இடத்தில் ‘கி’, நெடில் என்றால் ‘கீ’. பணம் கிணம், மழை கிழை, பாம்பு கீம்பு, ஊசி கீசி. ‘கீரை’க்கு இது செல்லாது, அதே சொல்தான் திரும்ப வரும். அதனால் ‘கீரை ஏதாவது இருக்கா?’ என்று கேட்டுவிடுகிறோம்.

‘அது, இல்லாவிட்டால் அது மாதிரி ஏதாவது’ என்பதுதான் பொருள். ஆகவே இன்னும் நிச்சயமாகாத இடத்தில்தான் பொருந்தும். ‘பாம்பு கீம்பு இருக்கப் போகுது, பார்த்துப் போ’ என்போம். ‘நேத்து தோட்டத்துல ஒரு பாம்பு கீம்பைப் பார்த்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. பார்த்துவிட்டால் அது பாம்புதான். வினைக்கும் இப்படித்தான்: ‘விழுந்து கிழுந்து வைக்காதே.’

எங்கே தப்பாகும் என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பா இறந்த சில மாதங்களில் அம்மாவை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் பதிவு செய்யும் இடத்தில் இருந்தவர், ‘பழைய ரிப்போர்ட் கிப்போர்ட் இருக்காம்மா?’ என்று கேட்டிருக்கிறார். அம்மா எடுத்துக் கொடுத்தார். அடுத்ததாக, ‘கூட புருஷன் கிருஷன் யாராச்சும் வந்திருக்காங்களா?’ நான் திரும்பி வந்தபோது அம்மா பதில் சொல்லாமல் நின்றிருந்தார். வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை.

கேட்டவர் திட்டவில்லை, குரலும் உயரவில்லை, எனக்குத் தெரியும். ‘சின்ன விஷயத்தைப் பெரிசாக்குகிறாய்’ என்று பின்னூட்டம் போட வருபவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். தாள் என்றால் எந்தத் தாளாக இருந்தாலும் சரி என்பதில் யாருக்கும் குறைவில்லை. ஆளைச் சொல்லி ‘கி’ போட்டால், அந்த ஆளும் ‘ஏதோ ஒன்று’ ஆகிவிடுகிறார். ‘துணைக்கு யாரும்மா வந்திருக்காங்க?’ என்றால் போதுமே. உறவுமுறை, ஆள் பெயர், சாவு, நோய் இவற்றோடு, அதுவும் அறிமுகமில்லாதவரிடம், சேர்க்காதீர்கள். நெருங்கியவர்களுக்குள் வேறு கணக்கு. ‘காய்ச்சல் கீச்சல் இருக்காடா?’ என்று என் அத்தை கேட்பது அக்கறைதான்.

இதற்காக இந்தப் பேச்சே கொச்சை என்று ஒதுக்குபவர்களோடும் நான் சேர மாட்டேன். என் மகன் பள்ளிக்கு எழுதிய கதையில் ஒரு பாட்டி, ‘மழை கிழை வந்தா குடை எடுத்துக்கோ’ என்கிறாள். தமிழாசிரியர் ‘கிழை’யைச் சிவப்பு மையில் அடித்து மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். கட்டுரையில் அடித்திருந்தால் ஏற்றுக்கொள்வேன். கதையில் ஒரு பாட்டி வேறெப்படிப் பேசுவாள்?