ரீஜன் ஃப்ரீ என்றால் எதுவரை ஃப்ரீ?

கேள்வி: வெளிநாட்டுக் கடை ஒன்றில், நான் தேடும் பிஎஸ்4 கேமின் டிஸ்க்கை ஜப்பானியப் பதிப்பு, ஆசியப் பதிப்பு என இரண்டாக விற்கிறார்கள். இரண்டிலும் 'ரீஜன் ஃப்ரீ' என்று போட்டிருக்கிறது. எதை வாங்கினாலும் ஆங்கிலத்தில் விளையாடலாமா? இன்னும் வெளிவராத வேறொரு கேமையும் சேர்த்து ஆர்டர் செய்தால் எத்தனை நாளில் கைக்கு வரும்?

பதில்: அந்த இரண்டு சொற்கள் தரும் உறுதி ஒன்றே ஒன்றுதான்: எந்த நாட்டில் விற்ற டிஸ்க்காக இருந்தாலும் உங்கள் பிஎஸ்4 அதைப் படிக்கும். நின்டெண்டோ 3டிஎஸ் போன்ற கருவிகளில் வேறு பகுதியின் கார்ட்ரிட்ஜைச் செருகினால் கேம் திறக்கவே திறக்காது. பிஎஸ்4-இல் அந்தத் தொல்லை இல்லை. பெட்டியின் பின்புறம் சிறிய உலக உருண்டைப் படத்தின் மேல் 2, 3 போன்ற எண் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது விற்பனைப் பகுதியைக் காட்டும் எண்ணே தவிர, பூட்டு அல்ல.

மொழி வேறு விஷயம். டிஸ்க்கில் எந்தெந்த மொழிகளைச் சேர்ப்பது என்பதை வெளியிடும் நிறுவனம் பதிப்புக்குப் பதிப்பு முடிவு செய்கிறது. ஜப்பானியப் பதிப்பில் ஜப்பானிய மொழி மட்டும் இருப்பது சாதாரணம். ஆசியப் பதிப்பு என்றாலே ஆங்கிலம் என்றும் நினைத்துவிடக் கூடாது. சீன மொழி, கொரிய மொழி மட்டும் உள்ள ஆசியப் பதிப்புகளும் உண்டு. முன்னட்டையின் மொழியை வைத்தும் தீர்மானிக்க முடியாது. கடைப் பக்கத்தில் பின்னட்டைப் படம் இருந்தால் பெரிதாக்கி, வசன எழுத்துக்கும் குரலுக்கும் எந்த மொழிகள் குறிக்கப்பட்டுள்ளன என்று தனித்தனியாகப் பாருங்கள். படம் இல்லையென்றால், பெட்டியின் முதுகில் உள்ள தயாரிப்பு எண்ணைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். PLJM என்று தொடங்கினால் ஜப்பானியப் பதிப்பு, PLAS என்றால் ஆசியப் பதிப்பு. கேமுக்குள் மொழி மாற்றும் மெனு இல்லாமல், கருவியின் மொழி அமைப்பையே பின்பற்றும் கேம்களும் பல உண்டு என்பதால், ஆங்கிலம் வரவில்லையென்றால் முதலில் அந்த அமைப்பைச் சரிபாருங்கள்.

பலர் ஏமாறுவது இதற்கடுத்த இடத்தில்தான், நானும் ஏமாந்திருக்கிறேன். ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் கணக்கு வைத்திருந்த நான் ஜப்பானிய டிஸ்க் ஒன்றை வாங்கி, இருபது மணி நேரம் விளையாடியபின், அதன் கூடுதல் அத்தியாயத்தை என் கணக்கின் ஸ்டோரில் காசு கொடுத்து இறக்கினேன். பதிவிறக்கம் முடிந்தது, கேமுக்குள் அத்தியாயம் தோன்றவே இல்லை. ஜப்பானியப் பெட்டி, ஐரோப்பியப் பெட்டி இரண்டிலும் பகுதி எண் 2 என்றே இருந்தாலும், உள்ளே கேமின் அடையாள எண் வேறு. கூடுதல் அத்தியாயம் அந்த எண்ணோடுதான் பொருந்தும். ஆகவே டிஎல்சி எனப்படும் இத்தகைய கூடுதல் உள்ளடக்கத்தை வாங்கும் எண்ணம் இருந்தால், உங்கள் கணக்கு எந்தப் பகுதியோ அந்தப் பகுதியின் டிஸ்க்கையே வாங்குங்கள். இல்லையேல், டிஸ்க்கின் பகுதியில் இன்னொரு கணக்கு திறந்து, அங்கே செல்லுபடியாகும் கிஃப்ட் கார்டு தேட வேண்டியிருக்கும். சேமித்த ஆட்டத்துக்கும் பெரும்பாலும் இதே கதிதான். ஒரு பதிப்பில் பாதி விளையாடிவிட்டு மறு பதிப்பில் தொடர முடியாது.

நாட்கணக்கு, நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து ஓடுவதில்லை. கடை சொல்லும் '10 முதல் 20 வேலை நாட்கள்' பார்சல் அனுப்பிய நாளிலிருந்து எண்ணப்படுவது. வேலை நாட்கள் என்பதால் அதுவே இரண்டு முதல் நான்கு வாரம். கையிருப்பில் உள்ள டிஸ்க்கையும் 27ஆம் தேதி வெளிவரும் கேமையும் 3ஆம் தேதி ஒரே ஆர்டரில் போட்டால், பல கடைகள் இரண்டையும் 27 வரை வைத்திருந்து சேர்த்தே அனுப்பும். இந்த மாதமே வந்திருக்க வேண்டிய டிஸ்க், அடுத்த மாத நடுவில் வரும். அஞ்சல் கட்டணம் இருமுறை ஆனாலும், அவசரமென்றால் தனித்தனி ஆர்டராகப் போடுங்கள். உங்கள் நாட்டின் சுங்க வரியும், கூரியர் வசூலிக்கும் கையாளும் கட்டணமும் அதற்கு மேல்.

முன்பதிவுக்கு முழுப் பணமும் இப்போதே கேட்கிறார்களா என்றும் பாருங்கள். பேபாலில் பொருள் வரவில்லை என்று முறையிட, பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்கள் உண்டு. வெளியீடு ஐந்து மாதம் தள்ளி இருந்தால், பார்சல் கிளம்பும் முன்பே அதில் 150 நாட்கள் கழிந்திருக்கும். வெளியீடு ஒரு மாதம் தள்ளிப்போனாலே உரிமை போய்விடும். அனுப்பும்போதுதான் பணம் எடுக்கும் கடை கிடைத்தால், விலை சற்றுக் கூடுதலானாலும் நான் அதைத்தான் தேர்வு செய்வேன்.

அனுப்பியாயிற்று என்று மின்னஞ்சல் வந்தால், பதிவு அஞ்சலுக்குரிய RR123456789JP போன்ற வடிவில் கண்காணிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள்; கடைசி இரண்டு எழுத்துகள் அனுப்பும் நாட்டைக் குறிக்கும். எண் கொடுத்து ஒரு வாரமாகியும் விவரம் பெறப்பட்டது என்பதற்கு மேல் ஒரு வரிகூட ஏறவில்லையென்றால், கடை பார்சலை அஞ்சலகத்தில் இன்னும் ஒப்படைக்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் எழுத வேண்டியது கடைக்குத்தான்.