குப்பைக் கிடங்கு: ஏரிக் களிமண்ணா, மேட்டுச் செம்மண்ணா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்கள் ஊராட்சியில் குப்பைக் கிடங்குக்கு இரண்டு இடம் பார்த்திருக்கிறார்கள். ஒன்று வறண்ட ஏரி, நல்ல களிமண். இன்னொன்று மேட்டுப் புறம்போக்கு, செம்மண். அங்கே மே மாதம் கிணற்றில் 11 மீட்டரில் தண்ணீர் இருந்தது. 3 மீட்டர் பள்ளம் எடுக்கப் போகிறார்களாம். களிமண் இருக்கிற ஏரிதானே நல்லது?

பதில்: ஏரி வேண்டாம் ஐயா. வறண்டிருந்தாலும் அது நீர்நிலை. 2016 திடக்கழிவு விதிகளிலேயே குளத்திலிருந்து 200 மீட்டர் தள்ளித்தான் கிடங்கு அமைய வேண்டும் என்று இருந்தது. அந்தக் களிமண்ணையும் அப்படியே நம்ப முடியாது. கோடையில் வெடிக்கும், நடுவில் மணல் படுகை ஓடும். ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் ஆய்வகத்தில் தேறிவிடும். வெடிப்பு அந்தக் கைப்பிடிக்குள் வராதே!

மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுங்கள். செம்மண்ணும் அதன் அடியில் இருக்கும் உளுத்த பாறையும் தண்ணீரை விட்டுவிடும் என்பதால், களிமண்ணைக் கொண்டுவந்து 90 செ.மீ. கனத்துக்கு இறுக்க வேண்டும். அதில் நீர் ஊடுருவும் அளவு விநாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மேலே 30 செ.மீ. கழிவுநீர் தேங்கினால், அது இந்த அடுக்கைக் கடக்க எட்டு, ஒன்பது வருடம் ஆகும். சரியாக இறுக்காமல் கசிவு நூறு மடங்கானால் ஒரே மாதம்தான். அதனால்தான் களிமண் மேல் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பும், அதற்கு மேல் கழிவுநீரை வெளியேற்றும் குழாய்களும் கட்டாயம். களிமண்ணை ஈரத்தோடு மெல்லிய அடுக்குகளாக ரோலர் ஓட்டி இறுக்கி, உடனே மூட வேண்டும். வேலூர் வெயிலில் திறந்து போட்டால் அதுவும் வெடித்துவிடும்.

எனக்குக் கவலை அந்த 11 மீட்டர்தான். நம் பக்கம் மே மாதம் தண்ணீர் அடியில் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர், ஜனவரியில் ஏறி நிற்கும். களிமண் அடுக்கின் அடிமட்டத்துக்கும் நீர் அதிகபட்சம் ஏறும் மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் இருக்க வேண்டும் என்று அதே 2016 விதிகளில் இருந்தது. கிணற்றுச் சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் பாருங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எதுவரை ஏறியது என்று விவசாயிகளைக் கேளுங்கள். தரையிலிருந்து 4 மீட்டர் ஆழம் வரை ஏறியது என்கிறார்கள் என்று வையுங்கள். அப்போது களிமண்ணின் அடி 2 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. 3 மீட்டர் பள்ளத்தில் இடைவெளி ஒரு மீட்டர்தான் மிஞ்சும், அந்தத் திட்டம் தவறு. பள்ளத்தை 2 மீட்டரோடு நிறுத்தி, சுற்றிலும் கரை எழுப்பச் சொல்லுங்கள். 2 மீட்டருக்கே தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் அந்த இடத்தையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. முதல் லாரி வருவதற்கு முன்பே, சரிவின் கீழ்ப்பக்கக் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து எழுதி வையுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்த மாவட்டங்களில் பல கிணறுகள் ஏற்கனவே உப்பாகிவிட்டன. பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால், நாளைக்குக் கசிவு வந்தாலும் அது கிடங்கிலிருந்து வந்ததுதான் என்று உங்களால் காட்ட முடியாது.